ஊர் மாறிவிட்டேன் என்று முன்பு நேர்முகம் செய்தவருக்கு எழுதுவது: திருகோணமலைக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஆட்சேர்ப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுத் திருமலையில் குடியேறியவள் நான். இங்கே வந்த பிறகு தெரிந்தவர்களின் பிள்ளைகள் ஒரே விடயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அக்கா, போன வருசம் கொழும்பில் ஒரு கம்பனிக்கு இன்டர்வியூ போனேன், எடுக்கவில்லை. இப்போ கல்யாணமாகித் திருமலைக்கு வந்துட்டேன். அந்த சேருக்கு இதைச் சொல்றதில ஏதாவது பிரயோசனம் இருக்கா?

அந்தக் கம்பனிக்கு இந்த மாவட்டத்தில் ஏதாவது வேலை நடக்கிறது என்றால் நிச்சயமாக இருக்கிறது. ஏன் என்று புரிய, நீங்கள் எழுந்து வந்த பிறகு அந்த மேசையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

நேர்முகத்துக்கு வந்தவர்களில் ஒருவரை எடுப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று பேரின் சீவியை, கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொன்னார்கள் என்ற குறிப்போடு எடுத்து வைப்பார்கள். எடுத்தவர் வராமல் போனால் அவர்களைக் கூப்பிடுவார்கள். சில மாதம் கழித்து வேறு கிளையில் வெற்றிடம் வந்தால், அதே கோப்பைத் திறந்து முதலில் பார்ப்பது முகவரியைத்தான். உங்கள் சீவியில் வெள்ளவத்தை என்று இருக்கும். திருகோணமலை வெற்றிடத்துக்கு ஆள் தேடுகிறவர் அதைப் பார்த்ததும் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பதில் சொல்லியிருந்தாலும் அந்த இடத்தில் உங்கள் பெயர் வராது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் பெரியது. தலைமையலுவலகங்களுக்குத் திருமலைக் கிளைகளில் உள்ள தலைவலி ஆள் கிடைக்காதது மட்டுமில்லை, கிடைத்த ஆள் நிற்காததும்தான். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒருவரை அனுப்புவார்கள். அவர் அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் இரவு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்வந்து, சில மாதத்தில் இடமாற்றம் கேட்பார் அல்லது வேலையை விட்டுவிடுவார். பிறகு திரும்பவும் விளம்பரம், திரும்பவும் நேர்முகம், திரும்பவும் பழக்கிவிடுதல். அப்படியிருக்க, தாங்கள் ஏற்கெனவே நேரில் பார்த்துப் பேசிய ஒருவர் அதே ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார் என்பது அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் செய்தி. நீங்கள் உதவி கேட்கவில்லை, அவர்களுக்குத் தேவையான ஒரு தகவலைக் கொடுக்கிறீர்கள். அந்த நினைப்போடு எழுதினால் கடிதத்தின் தொனியும் சரியாக வரும்.

எல்லாக் கம்பனிக்கும் எழுதலாமா? இங்கே யாருக்கு ஆள் தேவைப்படும்?

எல்லாருக்கும் எழுத வேண்டாம். முதலில் அந்தக் கம்பனிக்கு இங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சீனக்குடாப் பக்கம் மாவாலை, சீமெந்து, எண்ணெய்க் குதங்கள், துறைமுகம் என்று பெரிய இடங்கள் இருக்கின்றன. அவற்றில் நேரடியாக வேலை இல்லாவிட்டாலும், அவற்றுக்குப் போக்குவரத்து, பராமரிப்பு, பாதுகாப்பு, கணக்காய்வு செய்து கொடுக்கிற கொழும்புக் கம்பனிகள் பல உண்டு. நீங்கள் நேர்முகத்துக்குப் போன இடம் அப்படி ஒன்றாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வங்கி, காப்புறுதி, லீசிங், தொலைபேசிக் கம்பனி என்றால் நகரத்தில் கிளை இருக்கும்.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு மட்டும் காலம் பார்த்து எழுத வேண்டும். இந்தக் கரையில் சுற்றுலாக் காலம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. அதற்கான ஆட்களை அதற்கு முன்பே சேர்ப்பார்கள். ஆகவே பெப்ரவரி, மார்ச்சில் போகிற கடிதம் வேலை செய்யும். மழை தொடங்கிய நவம்பரில் அதே கடிதம் போனால், வாசிக்கிறவரிடம் கொடுக்க எதுவும் இருக்காது.

இங்கே ஒன்றுமே இல்லாத கம்பனி என்றால் விட்டுவிடுங்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்றால் மட்டும் அது வேறு கதை.

இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தாங்க. யாருக்கு எழுதுறது?

வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டவருக்கு எழுதுங்கள். பெரும்பாலும் அந்தப் பிரிவின் முகாமையாளராக இருப்பார். உங்கள் பதிலைக் காதுகொடுத்துக் கேட்டவர் அவர்தான், ஆகவே நினைவிலும் வைத்திருப்பார். மனிதவளப் பிரிவிலிருந்து உங்களைக் கூப்பிட்டவருக்கு அதன் பிரதி போகட்டும், ஏனென்றால் கோப்பில் முகவரியை மாற்றப்போவது அவர்.

நேர்முகத்துக்கு வரச்சொல்லி அன்று ஒரு மெயில் வந்திருக்கும். அதைத் தேடி எடுத்து, அதற்கே பதிலாக அனுப்புங்கள். அப்போது பழைய தேதி, பதவியின் பெயர் எல்லாம் கீழே தானாக வந்துவிடும். நீங்கள் யார் என்று அவர் தேட வேண்டியதில்லை. ஆனால் மெயிலின் தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள். "நேர்முகத்துக்கான அழைப்பு" என்ற பழைய தலைப்போடு போனால் ஏதோ முடிந்த விடயம் என்று திறக்காமல் விடுவார்கள்.

முகாமையாளரின் மெயில் விலாசம் தெரியவில்லை என்றால் மனிதவளப் பிரிவுக்கு எழுதி, "இன்னாருக்கும் இதைத் தெரியப்படுத்த முடியுமா" என்று ஒரு வரி சேருங்கள். வாட்ஸ்அப்பில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர்கள் வாட்ஸ்அப்பில்தான் முன்பு உங்களோடு பேசினார்கள் என்றால் பரவாயில்லை.

அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டதா? அவர் கம்பனி மாறியிருப்பார். லிங்க்ட்இனில் தேடிப் பாருங்கள். புதிய இடத்துக்கு இங்கே கிளை இருந்தால் அங்கேயும் எழுதலாம். பழைய கம்பனிக்குத் தனியாக ஒன்று அனுப்புங்கள்.

சரி, என்ன எழுதுறது? ஒரு மாதிரி தாங்கோ.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பனியில் கணக்கு உதவியாளர் பதவிக்கு ஒக்டோபரில் நேர்முகத்துக்குப் போனார். கிடைக்கவில்லை. வேறொரு சிறிய இடத்தில் சேர்ந்தார். ஜனவரியில் உப்புவெளிக்குக் குடிவந்தார். இங்கிருந்தபடி அவர்களுக்கே கொஞ்சம் வேலை செய்துகொடுக்கிறார். நேர்முகம் நடத்திய கம்பனிக்குச் சீனக்குடாவில் ஒரு களஞ்சியம் இருப்பது அவருக்குத் தெரியும். மார்ச்சில் இப்படி எழுதுகிறார்:

> தலைப்பு: கணக்கு உதவியாளர் நேர்முகம் (ஒக்டோபர்), இப்போது திருகோணமலையில் வசிக்கிறேன்
>
> வணக்கம் சேர்,
>
> கடந்த ஒக்டோபரில் கணக்கு உதவியாளர் பதவிக்கான நேர்முகத்துக்கு உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். மாத இறுதியில் களஞ்சியக் கையிருப்பு புத்தகக் கணக்கோடு ஒத்துவராவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவேன் என்று கேட்டிருந்தீர்கள்.
>
> ஜனவரியிலிருந்து குடும்பத்தோடு திருகோணமலை, உப்புவெளியில் நிரந்தரமாக வசிக்கிறேன். உங்கள் சீனக்குடாக் களஞ்சியத்திலோ மாவட்டத்தில் வேறு இடத்திலோ கணக்கு, கையிருப்பு, கொள்வனவு சார்ந்த வெற்றிடம் வரும்போது என்னையும் கருத்தில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கிண்ணியா, கந்தளாய் வரை நாளாந்தம் வந்துபோக முடியும். ஒரு மாத முன்னறிவித்தலோடு சேரலாம்.
>
> புதிய முகவரியுடன் சீவியை இணைத்துள்ளேன். இப்போதைக்கு வெற்றிடம் இல்லாவிட்டால் பதில் அவசியமில்லை, கோப்பில் முகவரியை மாற்றி வைத்தால் போதும்.
>
> நன்றி.

கீழே முழுப் பெயர், போன் நம்பர். அவ்வளவுதான்.

இதில் முதலாவது பந்திக்கு நேரம் செலவழியுங்கள். தேதியும் பதவியும் மட்டும் போட்டால் நீங்கள் கோப்பில் ஒரு தாள். அன்று பேசிய ஒரு விடயத்தைச் சொன்னால் அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் வரும். அதுவும் அவர் கேட்ட கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது, மனிதர்களுக்குத் தாங்கள் கேட்டது நினைவிருக்கும். மேலே உள்ளவர் கையிருப்புக் கேள்வியை எடுத்தது சும்மா இல்லை. களஞ்சியம் இருக்கிற இடத்தில் தேவைப்படுகிற வேலை அதுதான். உங்களுக்கு அப்படி ஒன்று நினைவில்லை என்றால் இட்டுக்கட்ட வேண்டாம், தேதியும் பதவியும் போதும்.

"நிரந்தரமாக" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும், உண்மையாக இருந்தால். ஏன் வந்தீர்கள் என்ற விவரம் தேவையில்லை. கல்யாணம், அப்பாவுக்குச் சுகமில்லை, கணவரின் இடமாற்றம் என்று எழுதினால் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைக் கிளப்பும். கணவருக்குத் திரும்ப இடமாற்றம் வந்தால் என்ன செய்வார், அப்பா குணமானதும் போய்விடுவாரா என்று வாசிக்கிறவர் யோசிப்பார். "குடும்பத்தோடு வசிக்கிறேன்" என்பது உண்மையும்தான், தேவையானதையும் சொல்லிவிடுகிறது. நேரில் கேட்டால் அப்போது சொல்லலாம்.

"எந்த வேலையென்றாலும் பரவாயில்லை" என்று எழுதாதீர்கள். பணிவாகத்தான் எழுதுகிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் எந்த வேலைக்கும் என்றால் அவர் உங்களை எந்தத் தலைப்பின் கீழும் போட முடியாது. மூன்று வகைக்கு மேல் போகாமல், உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள்.

"பதில் அவசியமில்லை" என்ற வரியைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். கொடுக்க வேலை இல்லாதவருக்குப் பதில் எழுதச் சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடத்தில் மெயிலை அப்படியே விட்டுவிடுவார். அவர் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்றை, முகவரியை மாற்றச் சொல்வதை, மட்டும் கேட்டால் அதைச் செய்வார். உங்களுக்குத் தேவையானதும் அதுதான்.

சம்பளத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம்.

மூதூர் பக்கமும் போகலாம் என்று போடலாமா?

உண்மையில் போக முடியும் என்றால் போடுங்கள். கிண்ணியாப் பாலமும் அதற்கு அப்பாலுள்ள பாலங்களும் திறந்த பிறகு மூதூருக்குப் படகை நம்பியிருக்க வேண்டியதில்லை, அது கொழும்பில் இருக்கிற பலருக்குத் தெரியாது. "தரைவழியாக" என்று ஒரு சொல் சேர்த்தால் அவர்களுக்கு விளங்கும். மட்டக்களப்பை மட்டும் நாளாந்தப் பட்டியலில் போடாதீர்கள். ஒரே மாகாணம் என்பதால் வரைபடத்தில் கிட்டவாகத் தெரியும், ஆனால் தினமும் போய்வரும் தூரமில்லை. ஒத்துக்கொண்டுவிட்டு ஒரு மாதத்தில் களைத்துப்போய் நின்றால், இவரும் நிற்காதவர் என்ற பெயர் வந்துவிடும்.

எனக்கு வேலை தந்தாங்க, நான்தான் அப்போ வேண்டாம் என்று சொன்னேன். இப்போ எந்த முகத்தோட எழுதுறது?

உங்கள் நிலைமை மற்றவர்களைவிட நல்லது. உங்களை ஒருமுறை தெரிவு செய்திருக்கிறார்கள், உங்கள் தகுதியைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அன்று மறுத்த காரணத்தை ஒரே வரியில் சொல்லி, அந்தக் காரணம் இப்போது இல்லை என்பதையும் அதே வரியில் சொல்லுங்கள். உதாரணமாக, "அப்போது திருகோணமலைக் கிளையில் இடம் தந்தீர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்ததால் ஏற்க முடியவில்லை. இப்போது திருகோணமலையிலேயே வசிக்கிறேன்." இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது.

மறுத்தது சம்பளம் போதாது என்றா? அப்படியானால் ஊர் மாறியதை மட்டும் சொல்லி எழுதுவதற்கு முன், அதே சம்பளத்துக்கு இங்கே வேலை செய்வீர்களா என்று உங்களையே கேளுங்கள். இல்லையென்றால் எழுதாமல் விடுவது நல்லது, இரண்டாம் முறை மறுத்தால் மூன்றாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

வருகிறேன் என்று ஒத்துக்கொண்டு, சேர வேண்டிய நாளில் சொல்லாமல் வராமல் விட்டவர்கள் முதல் வரியிலேயே மன்னிப்புக் கேளுங்கள். அன்று அவர்கள் மேசை ஒன்றைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். காரணத்தை நீட்ட வேண்டாம்.

தமிழில எழுதலாமா, இங்கிலீஷா?

நேர்முகம் எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியில். கொழும்புக் கம்பனி என்றால் பெரும்பாலும் ஆங்கிலம், மேலே உள்ள வரிசையை அப்படியே வைத்துச் சின்ன வசனங்களாக எழுதுங்கள். அப்புறம், தமிழோடு சிங்களமும் பேசுவீர்கள் என்றால் அதைக் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சொல்லுங்கள். இந்த மாவட்டத்தில் வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை எதற்கும் இரண்டு மொழியும் தேவைப்படும், கிளை முகாமையாளர் அதைத்தான் தேடுவார்.

அடையாள அட்டையில யாழ்ப்பாண விலாசம்தான் இருக்கு. சீவியில எதைப் போடுறது?

இப்போது வசிக்கிற முகவரியை மேலே, பெயருக்குக் கீழே போடுங்கள். "நிரந்தர முகவரி: யாழ்ப்பாணம், தற்காலிக முகவரி: திருகோணமலை" என்று எழுதுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதை வாசிக்கிறவர், இவர் எப்படியும் திரும்பிப் போவார் என்றுதான் எடுப்பார். கடிதத்தில் நிரந்தரம் என்றும் சீவியில் தற்காலிகம் என்றும் இருந்தால் எதை நம்புவது? அடையாள அட்டையில் பழைய விலாசம் இருப்பது இந்தக் கட்டத்தில் பிரச்சினை இல்லை. வேலையில் சேரும்போது வதிவிடச் சான்று கேட்டால் கிராம அலுவலரிடம் எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே இங்குள்ள பிரிவில் உங்கள் பதிவை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.

சீவியின் அடியில் நம்மைப் பற்றி விசாரிக்கக்கூடியவர்களாக இரண்டு பேரைப் போடுவோமே, அதில் ஒருவராவது இந்த ஊரில் உங்களைத் தெரிந்தவராக, உறவினர் அல்லாதவராக இருந்தால் நல்லது.

அனுப்பி ஒரு மாதம். பதிலே இல்லை. போன் எடுக்கவா?

வேண்டாம். பதில் அவசியமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் முகவரியை மாற்றியிருக்கக்கூடும், உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது.

இரண்டாவது முறை எழுத ஒரு காரணம் வேண்டும். அந்தக் கம்பனியின் திருகோணமலை வெற்றிடம் விளம்பரத்தில் வந்தால், அதற்கு முறைப்படி விண்ணப்பித்துவிட்டு, அதே மெயில் தொடரில் "இந்தப் பதவிக்கு இன்று விண்ணப்பித்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். முன்பு எழுதியதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் விளம்பரத்துக்கு வந்த விண்ணப்பங்கள் தனிக் கட்டு, பழைய கோப்பு தனி, இரண்டையும் ஒருவரே பார்ப்பார் என்று நினைக்க முடியாது. விளம்பரம் எதுவும் வரவில்லை என்றால், ஒரு பயிற்சி முடித்தாலோ போன் நம்பர் மாறினாலோ எழுதலாம். காரணமே இல்லாமல் மாதாமாதம் "நினைவூட்டல்" அனுப்பினால் நல்ல நினைவும் கெட்டுவிடும்.

"கோப்பில் வைத்திருக்கிறோம்" என்று பதில் வந்தால் நன்றி என்று ஒரு வரி போட்டு நிறுத்துங்கள். அது மறுப்பு இல்லை, வாக்குறுதியும் இல்லை.

பதில் வந்தது, ஆனால் வெற்றிடம் கொழும்பில்தானாம். "வர முடியுமா" என்று கேட்கிறார்.

முடியாது என்றால் அன்றே சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தால், நிரந்தரமாக வந்துவிட்டேன் என்று எழுதிய கடிதமே பொய்போல ஆகிவிடும். "நினைவு வைத்துக் கேட்டதற்கு நன்றி சேர். இப்போது திருகோணமலையை விட்டு வர முடியாது, இங்கே ஏதாவது வந்தால் சந்தோசமாக வருவேன்." இப்படிச் சொன்னவரை யாரும் கோபித்ததை நான் பார்த்ததில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொழும்பு, மற்ற நாள் வீட்டிலிருந்து என்று அவர்களே சொன்னால் யோசிக்கலாம், ஆனால் போகவர இரண்டு இரவுகள் பயணத்தில் போகும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

கச்சேரி, மாகாண சபை வேலைக்கும் இப்படி எழுதலாமா? ஒருமுறை நேர்முகத்துக்குப் போனேன்.

எழுத வேண்டாம். அரச பதவிகளுக்கு ஒவ்வொரு முறையும் அறிவித்தல் வரும், அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நேர்முகக் குழுவில் இருந்தவருக்குத் தனிப்பட எழுதினால் சிபாரிசு தேடுவதாகப் படும், உங்களுக்கே தீங்காக முடியலாம். கிழக்கு மாகாண சபை அலுவலகங்கள் இதே ஊரில்தான் இருக்கின்றன, ஆகவே மாகாண அறிவித்தல்களைத் தவறவிடாமல் பாருங்கள். அதில் வதிவிடம் பற்றி நிபந்தனை இருந்தால், எத்தனை வருடம் என்று கேட்டிருக்கிறார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன் வாசியுங்கள்.

கூப்பிட்டுட்டாங்க! ஆனால் திரும்பவும் கொழும்பில் இன்டர்வியூவாம். ஒருமுறை பார்த்தவங்கதானே, இங்கேயே வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஒரே ஒரு முறை. "திருகோணமலைக் கிளையிலோ காணொளியிலோ வைக்க முடியுமா, இல்லாவிட்டால் கொழும்புக்கு வருகிறேன்" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கிளை முகாமையாளரும் உங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் பல இடங்களில் சரி என்பார்கள். கொழும்புதான் என்றால் நேரத்தைப் பத்து மணிக்குப் பிறகு கேட்டு வாங்குங்கள். இரவு ரயிலோ பஸ்ஸோ விடியப் போய்ச் சேர்ந்தாலும், முகம் கழுவி உடுப்பு மாற்றி ஒரு தேத்தண்ணி குடிக்க அவகாசம் வேண்டும். முதல் நேர்முகத்தில் உங்களிடம் கேட்ட அதே கேள்வியை அவர் மறுபடி கேட்கக்கூடும், ஏனென்றால் நீங்கள்தான் கடிதத்தில் நினைவூட்டியிருக்கிறீர்கள். அதற்கு இந்த முறை இன்னும் நல்ல பதிலோடு போங்கள்.